வருகையும் ஓர் ஆர்டர்தான்

திருப்பூரில் மெர்ச்சன்டைசராக நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். ஜெர்மனியிலிருந்து பையர் வருகிறார் என்று தகவல் வந்தது. கையில் மூன்று நாள் இருந்தது. மூன்று நாளும் பெயின்ட் அடித்தோம். சுவர், படிக்கட்டு, கைப்பிடி, கதவு எதையும் விடவில்லை. வந்தவர் வாசலிலேயே மூக்கைச் சுருக்கினார். தையல் பிரிவுக்குள் நுழைந்ததும் மெஷின்களைப் பார்க்கவில்லை, நேராக மூலையில் இருந்த அவசர வழிக் கதவுக்குப் போய்த் தள்ளினார். திறக்கவில்லை. கதவு பூட்டியிருக்கவில்லை. புதுப் பெயின்ட் காயாமல் நிலையோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

அந்த ஆர்டர் எங்களுக்குக் கிடைக்கவில்லை. யாரும் காரணம் சொல்லவில்லை. சொல்லவும் தேவையிருக்கவில்லை.

பிறகு பல வருகைகளை ஏற்பாடு செய்திருக்கிறேன். அதில் தெரிந்துகொண்டது ஒன்றுதான். வெளிநாட்டு பையரின் வருகையே நமக்குக் கிடைக்கும் முதல் ஆர்டர். அதற்கும் தேதி உண்டு, தரம் உண்டு, எழுத்தில் ஒப்புக்கொண்ட விவரம் உண்டு. பத்தரை மணிக்குக் கட்டிங் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் பதினொன்றேகாலுக்குக் காட்டுகிற கம்பெனி, ஆகஸ்டு 20 ஷிப்மென்டைச் செப்டம்பருக்குத் தள்ளும் என்று அவர் மனதுக்குள் கணக்குப் போட்டுவிடுவார்.

எதைப் பார்க்க வருகிறார்?

முதல் வேலை, வருபவர்கள் யார், எதற்கு வருகிறார்கள் என்று கேட்பது. கொள்முதல் மேலாளர் விலையையும் உற்பத்தித் திறனையும் பார்ப்பார். தரப் பிரிவுக்காரர் செக்கிங் டேபிளில் ஒரு மணி நேரம் நிற்பார். சமூகப் பொறுப்பு விதிகளைக் கவனிக்கும் அலுவலர் வந்தால் சம்பளப் பதிவேடு, கழிப்பறை, விடுதி, வெளியேறும் வழி என்று போவார். மூவருக்கும் ஒரே சுற்று காட்டினால் மூவருமே பாதி பார்த்துவிட்டுத் திரும்புவார்கள்.

பாதுகாப்பைப் பற்றி அவர்கள் ஏன் இவ்வளவு கேட்கிறார்கள் என்பதற்கு ஒரு பின்னணி உண்டு. 2013 ஏப்ரல் 24-ஆம் தேதி வங்கதேசத்தின் டாக்கா அருகே சாவர் என்ற ஊரில் ரானா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் இறந்தார்கள். முந்தைய நாளே சுவரில் விரிசல் தெரிந்தது. கீழ்த் தளங்களில் இருந்த வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. மேலே இருந்த ஆடைத் தொழிலாளர்கள் மட்டும் வேலைக்கு வரச் சொல்லப்பட்டார்கள். இடிபாடுகளில் கிடந்த துணிகளில் ஐரோப்பிய, அமெரிக்கக் கம்பெனிகளின் லேபிள்கள் இருந்தன. அதன் பிறகு பையர் பார்வை துணியிலிருந்து தூணுக்கும் படிக்கட்டுக்கும் நகர்ந்தது.

திருப்பூருக்கென்று இன்னொரு சிக்கல் இருக்கிறது. இங்கே ஒரு டி-ஷர்ட் ஒரே கூரைக்குக் கீழ் பிறப்பது அபூர்வம். நூல் ஓரிடத்தில் நிட்டிங் ஆகும், சாயம் இன்னோரிடம், பிரின்டிங் மூன்றாமிடம், கட்டிங்கும் தையலும் நம்மிடம். மற்றதெல்லாம் ஜாப் வொர்க். எந்த வேலை எங்கே நடக்கிறது என்பதை வருகைக்கு முன்பே பட்டியலாகச் சொல்லிவிட வேண்டும். ஜாப் வொர்க்கில் தப்பில்லை. சொல்லாமல் கொடுத்து, அது பின்னால் தெரிய வருவதில்தான் தப்பு. பையர் பார்க்க விரும்பும் வெளி யூனிட்டின் முதலாளியிடம் நாமே முன்கூட்டி அனுமதி வாங்க வேண்டும். அவருக்கும் அன்றைக்கு வேலை இருக்கும்.

கடிதமும் தேதியும்

அழைப்புக் கடிதம் கம்பெனி லெட்டர்ஹெட்டில் போக வேண்டும். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே முழுப்பெயர், பாஸ்போர்ட் எண், அவருடைய கம்பெனி, வரும் நோக்கம், தேதிகள், தங்குமிடம், செலவு யாருடையது, நம் பக்கத்தில் பொறுப்பாளர் யார் என்பவை அதில் இருந்தால் போதும். வர்த்தகப் பேச்சுக்கு வருபவர் சுற்றுலா விசாவில் வரக் கூடாது, தொழில் விசாவில் வர வேண்டும். இணையவழி விசாவுக்குக் குறைந்தது நான்கு நாள் முன்பு விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. ஆனால் நான்கு நாளை நம்பி விமான டிக்கெட் போடுவது தைரியசாலிகளின் வேலை. மூன்று வாரம் முன்பே கடிதத்தை அனுப்பிவிடுவது நல்லது.

கம்பெனி கெஸ்ட் ஹவுஸில் தங்க வைப்பவர்கள் பலரும் மறப்பது ஒன்று உண்டு. வெளிநாட்டவர் எங்கே தங்கினாலும், தங்க இடம் கொடுத்தவர் 24 மணி நேரத்துக்குள் அவருடைய விவரங்களைக் குடியேற்ற அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ஓட்டல் என்றால் அவர்களே செய்துவிடுவார்கள். கெஸ்ட் ஹவுஸ் என்றால் அந்தப் பொறுப்பு நம் தலையில்.

தேதி குறிப்பதற்கு உள்ளூர்க் காலண்டர் தெரிந்திருக்க வேண்டும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஒட்டிய வாரங்களில் பாதி மெஷின்களில் ஆள் இருக்காது. சனிக்கிழமை வாரச் சம்பள நாள், மதியத்துக்கு மேல் கவனமெல்லாம் கணக்கில்தான். மாதாந்திரப் பராமரிப்புக்காக நம் பகுதியில் மின்சாரம் நிறுத்தும் நாள் எது என்று மின்வாரியத்தில் விசாரிக்க வேண்டும். அன்றைக்கு வரவழைத்தால் ஜெனரேட்டர் சத்தத்தில் அவர் கேட்பது நமக்கும், நாம் சொல்வது அவருக்கும் புரியாது. முக்கியமாக, அவருடைய துணி போன்ற ஒன்று லைனில் ஓடுகிற நாளாக இருக்க வேண்டும். குழந்தைகள் டி-ஷர்ட் வாங்க வருபவருக்கு ஆண்கள் டிராக் பேன்ட் தைப்பதைக் காட்டி என்ன பயன்?

ஒரு நாள், மணிவாரியாக

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். குழந்தைகள் டி-ஷர்ட்டுக்காக ஜெர்மனியிலிருந்து இரண்டு பேர் வருகிறார்கள். கொள்முதல் மேலாளர் ஒருவர், தரமும் பாதுகாப்பும் பார்க்கும் பெண் அலுவலர் ஒருவர். திங்கட்கிழமை மும்பை வழியாகக் கோவை வந்து இறங்குகிறார்கள். விமான நிலையத்திலிருந்து திருப்பூருக்கு ஏறக்குறைய 50 கிலோமீட்டர், அவிநாசி சாலையில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. மும்பையில் இணைப்பு விமானம் தவறினால் என்ன ஆகும் என்று யோசித்து, திங்கள் மாலைக்கு எதையும் வைக்கக் கூடாது. சாப்பாடு, தூக்கம், அவ்வளவுதான். செவ்வாய்க்கிழமைத் திட்டம் இப்படி இருக்கும்:

9.00 – ஓட்டலில் கார். டிரைவர் பெயர், வண்டி எண், அலைபேசி எண் முந்தைய நாளே அனுப்பப்பட்டிருக்கும்.
9.20 – கேட். பதிவேடு, அடையாள அட்டை, பத்து நிமிடப் பாதுகாப்பு விளக்கம்.
9.40 – கம்பெனி பற்றி இருபது நிமிடம்.
10.00 – துணிக் கிடங்கு, கட்டிங், தையல்.
11.00 – தொழிலாளர்களுக்கு டீ நேரம். விருந்தினர்கள் சாம்பிள் அறையில்.
11.20 – செக்கிங், அயர்னிங், பேக்கிங்.
12.45 – மதிய உணவு.
2.00 – சாயப்பட்டறைக்குப் பயணம்.
2.30 – சாயப்பட்டறை, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு.
4.15 – திரும்பி வந்து பதிவேடுகள் பார்ப்பது.
5.00 – முடிவுக் கூட்டம்.
6.00 – கார்.

இதில் கவனிக்க வேண்டியது டீ நேரம். எங்கள் ஊரில் காலை எட்டரைக்கு வேலை தொடங்கும், பதினொரு மணிக்கு டீ. அந்த நேரத்தில் தையல் பிரிவுக்குக் கூட்டிப் போனால் ஆளில்லாத மெஷின்களைத்தான் காட்ட முடியும். விருந்தாளி வந்திருக்கிறார் என்று டீயைத் தள்ளிப்போட்டால் தொழிலாளர் முகத்தில் அது தெரியும், அந்த முகத்தைப் படிக்கத் தெரிந்தவர்தான் வந்திருக்கிறார்.

இரண்டாவது, சுற்றும் வரிசை துணி போகிற வரிசையாகவே இருக்க வேண்டும். ரோல் துணியிலிருந்து அட்டைப்பெட்டி வரை ஒரே திசை. குறுக்கே பாய்ந்தால் பார்ப்பவருக்குக் கணக்குப் புரியாது. ஒரு துணி எங்கே தேங்கி நிற்கிறது என்பதும் தெரியாது. அதைத்தான் அவர் தேடுகிறார்.

மூன்றாவது, இடைவெளி. மேலே உள்ள திட்டத்தில் சாயப்பட்டறையை 3.30-க்குள் பார்த்து முடித்துவிடலாம். திரும்பிவர அரை மணி நேரம் போதும். ஆனாலும் 4.15 என்று போட்டிருக்கிறது. வழியில் ரயில்வே கேட் மூடலாம், அவர் ஒரு கேள்வியை நீட்டலாம். கையிருப்பு நேரம் இல்லாத திட்டம் முதல் கேள்வியிலேயே உடைந்துவிடும்.

சாப்பாட்டுக்கு ஒரு வரி. சைவமா அசைவமா என்று மட்டும் கேட்டால் போதாது, ஒவ்வாமை உண்டா என்று கேட்க வேண்டும். கடலை எண்ணெய் புழங்கும் ஊர் இது. நிலக்கடலை ஒவ்வாமை உள்ளவருக்கு அது ஆஸ்பத்திரி விஷயம்.

பெட்டி கட்டுவதற்கு முன்னால் போக வேண்டிய விதிகள்

பாதுகாப்பு விதிகளைக் கேட்டில் வைத்து நீட்டுவதுதான் பெரும்பாலோர் வழக்கம். அதற்குள் அவர் திறந்த செருப்போடு வந்து நிற்பார். விதிகள் பயணத் திட்டத்தோடு ஒரே மின்னஞ்சலில் போக வேண்டும். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு விதிக்கும் காரணத்தைச் சேர்த்து எழுதினால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

விரல் மூடிய, வழுக்காத ஷூ வேண்டும். சாயப்பட்டறைத் தரை எப்போதும் ஈரமாக இருக்கும். தொங்கும் ஸ்கார்ஃப், கழுத்துப்பட்டை, விரித்த கூந்தல் கூடாது. சுற்றுகிற பாகத்தில் நுனி சிக்கினால் ஆளையே இழுத்துவிடும். கட்டிங் மேஜையைச் சுற்றியுள்ள மஞ்சள் கோட்டைத் தாண்டக் கூடாது. அங்கே கத்தியை ஓட்டுபவர் இரும்பு வலைக் கையுறை போட்டிருக்கிறார், விருந்தாளியிடம் அது இல்லை. நிட்டிங் யூனிட்டுக்குப் போவதானால் சத்தத்துக்குக் காதடைப்பான் கொடுக்க வேண்டும். பஞ்சுத்தூசி பறக்கும் என்பதால் ஆஸ்துமா உள்ளவர் முன்பே சொல்ல வேண்டும். சாயத்தூள் எடை போடும் அறைக்குள் முகக்கவசம் இல்லாமல் யாரும் நுழையக் கூடாது. அந்தத் தூள் சிலருக்கு மூச்சுத்திணறலைக் கொண்டுவரும். பாய்லர் பக்கம் விருந்தினர்களுக்கு வேலையே இல்லை.

குழந்தைகள் ஆடை என்பதால் இன்னொரு விதி மிகக் கண்டிப்பானது. அது ஊசி. தைக்கும்போது ஊசி உடைந்தால் உடைந்த துண்டுகள் அத்தனையையும் தேடி எடுத்து, பதிவேட்டில் டேப் போட்டு ஒட்டி, அதன் பிறகுதான் புது ஊசி கொடுப்பார்கள். ஒரு துண்டு குறைந்தாலும் அந்த மெஷினைச் சுற்றியுள்ள துணிகள் அனைத்தையும் தனியே எடுத்துச் சோதிக்க வேண்டும். தைத்து முடிந்த ஆடை உலோகம் கண்டறியும் கருவி வழியாகப் போகும். ஒரு மில்லிமீட்டர் அளவு இரும்புத் துணுக்கையும் அது பிடிக்கிறதா என்று சோதனை அட்டை வைத்து வேலை நேரத்தில் அடிக்கடி பார்த்துக் குறித்து வைப்பார்கள். கருவியைத் தாண்டிய ஆடை, உலோகமில்லாப் பகுதிக்குள் போய்விடுகிறது.

இப்போது அந்தப் பகுதிக்குள் நம் விருந்தாளி வருகிறார். சட்டையில் பிரோச், கையில் ஸ்டேப்ளர் பின் அடித்த ஃபைல். அந்த பின் கழன்று ஓர் அட்டைப்பெட்டிக்குள் விழுந்தால் மேலே சொன்ன அத்தனை உழைப்பும் வீண். அதனால் பிரோச், குண்டூசி, பின் அடித்த காகிதங்கள் எல்லாம் வெளியே ஒரு தட்டில் வைக்கப்பட வேண்டும். நம் முதலாளிக்கும் அதே விதி. விதியை பையருக்குச் சொல்லிவிட்டு முதலாளி சட்டைப்பையில் பேனாவோடு நுழைவதை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண் அலுவலர் அதை நோட்டில் குறித்ததையும் பார்த்திருக்கிறேன்.

புகைப்படம் பற்றியும் எழுத்தில் இருக்க வேண்டும். தொழிலாளர் முகத்தை அவரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. வேறு பையருடைய டிசைனை எடுக்கவே கூடாது. அதற்காக அன்று காலை மற்ற பையர்களின் சாம்பிள்களையும் லேபிள் ரோல்களையும் மூடி வைக்க வேண்டும். போட்டியாளர் துணியைத் தாராளமாகக் காட்டுகிற கம்பெனி, நாளை தன் துணியையும் அப்படித்தான் காட்டும் என்பது பையருக்குத் தெரியும்.

கடைசியாகத் தீ. கேட்டில் நடக்கும் பத்து நிமிட விளக்கத்தில் சொல்ல வேண்டியவை மூன்றுதான். அலாரம் எப்படி ஒலிக்கும், எந்த வழியாக வெளியேறுவது, எங்கே கூடி நிற்பது. அலாரம் அடித்தால் விருந்தினர் பதிவேட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்து தலை எண்ணுபவர் யார் என்பதும் முடிவாகியிருக்க வேண்டும். தொழிலாளர்களுக்கு வருகைப் பதிவு இருக்கிறது. உள்ளே இருக்கும் விருந்தாளிக்கு அந்தப் பதிவேட்டை விட்டால் வேறு கணக்கில்லை.

ஒருவர், ஒரே ஒருவர்

இதையெல்லாம் தாங்குகிற தூண் தொடர்பாளர். ஒரு முறை எங்கள் கம்பெனிக்கு வந்த விருந்தாளி கோவை விமான நிலையத்தில் ஒன்றரை மணி நேரம் நின்றார். அவர் கையில் நான்கு எண்கள் இருந்தன. முதலாளி டெல்லி விமானத்தில் இருந்தார். மேலாளர், டிரைவர் போய்விட்டார் என்று நினைத்தார். மெர்ச்சன்டைசரான நான், மேலாளர் பார்த்துக்கொள்வார் என்று நினைத்தேன். டிரைவருக்கு ஆங்கிலம் வராது. நான்கு பேர் பொறுப்பு என்றால் ஒருவர் பொறுப்பும் இல்லை.

அதனால் பயணத் திட்டத்தின் மேல்வரியில் ஒரு பெயர், ஒரு எண். அவரைப் பிடிக்க முடியாவிட்டால் மாற்றாள் ஒருவர், அவ்வளவுதான். அந்த ஒருவர் முதலாளியாக இருக்க வேண்டியதில்லை. பார்க்கப்போனால் இல்லாமல் இருப்பதே நல்லது. ஃபேக்டரித் தரையும் தெரிந்து ஆங்கிலமும் பேசக்கூடியவராக இருக்க வேண்டும். கேட் பாஸ் போடவும், வண்டியை அனுப்பவும், திட்டத்தை அரை மணி நேரம் மாற்றவும் அவருக்கு அதிகாரம் இருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் "ஐயாகிட்ட கேட்டுச் சொல்றனுங்க" என்றால் அவர் தொடர்பாளர் இல்லை, தபால்காரர்.

அவருக்கு இரண்டு பாடங்கள் வேண்டும். ஒன்று, தெரியாததைத் தெரியாது என்று சொல்வது. ஒரு நாளைக்கு எத்தனை பீஸ் என்று கேட்டால் வாய்க்கு வந்ததைச் சொல்லக் கூடாது. "மாலைக்குள் பார்த்துச் சொல்கிறேன்" என்று குறித்துக்கொண்டு, மாலைக்குள் சொல்லிவிட வேண்டும். நம் தலையாட்டலிலும் கவனம் வேண்டும். பக்கவாட்டில் நாம் ஆட்டும் ‘சரி’ ஐரோப்பியக் கண்ணுக்கு ‘இல்லை’ போலத் தெரியும். வாயால் சொல்லிவிடுவது உத்தமம்.

இரண்டாவது பாடம் இன்னும் கடினம். ஒதுங்கி நிற்பது. பெண் அலுவலர் ஒரு டெய்லரிடம் தனியாகப் பேச விரும்புவார். அந்தப் பெண் ஒடிசாவிலிருந்து வந்தவராக இருக்கலாம், மொழிபெயர்ப்பாளர் தேவைப்படலாம். அந்த மொழிபெயர்ப்பாளர் சூப்பர்வைசராக இருக்கக் கூடாது. தொடர்பாளர் பத்தடி தள்ளிப் போய் முதுகைக் காட்டி நிற்க வேண்டும். என்ன பேசினார்கள் என்று பிறகு அந்தத் தொழிலாளியிடம் விசாரிக்கவும் கூடாது.

வருகைக்கு முந்தைய நாள் மாலை, தொடர்பாளர் அந்தத் திட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, காரிலிருந்து இறங்கும் இடம் முதல் கடைசி அறை வரை விருந்தாளியைப் போலவே நடந்து பார்க்க வேண்டும். அவசரக் கதவு ஒவ்வொன்றையும் கையால் தள்ளிப் பார்க்க வேண்டும். வேலை நேரத்தில் வெளியேறும் கதவு பூட்டப்பட்டிருக்கக் கூடாது என்பது 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே இருந்த விதி. ஆனால் ஷிப்மென்ட் நெருங்கும் நாட்களில் கதவைப் பூட்டுவது பூட்டு இல்லை, அட்டைப்பெட்டிகள். அவை நாற்பது பெட்டியாகக் கதவுக்கு முன் வந்து உட்கார்ந்துகொள்ளும். முந்தைய நாள் எடுத்தாலும் மறுநாள் காலை மறுபடி வரும். வேறு இடம் ஒதுக்கினால்தான் போகும்.

மாலை ஐந்து மணி

முடிவுக் கூட்டம் நன்றி சொல்லிப் பொன்னாடை போர்த்துவதற்கு இல்லை. பார்த்ததில் என்ன குறை, அதை யார், எந்தத் தேதிக்குள் சரிசெய்வார் என்று ஒரே தாளில் எழுதி, அவர் முன்னிலையிலேயே உரக்க வாசித்துக் காட்ட வேண்டும். சாயப்பட்டறையில் கண்கழுவும் குழாயில் தண்ணீர் வரவில்லை, வெள்ளிக்கிழமைக்குள் சரியாகும், பொறுப்பு இன்னார், புகைப்படம் அனுப்பப்படும். இப்படி நான்கைந்து வரிகள். மறுநாள் காலை அதுவே மின்னஞ்சலாகப் போக வேண்டும். வெள்ளிக்கிழமை அந்தப் புகைப்படமும் போக வேண்டும்.

பல வருடம் கழித்து, வேறொரு கம்பெனியில், வேறொரு பையர். அன்றைக்குத் தையல் பிரிவுச் சுவர்கள் பழையவை, ஓரிடத்தில் காரை கூட உதிர்ந்திருந்தது. அவரும் மூலைக் கதவுக்குப் போய்த் தள்ளினார். கதவு வெளிப்பக்கம் சட்டெனத் திறந்துகொண்டது, வெளியே படிக்கட்டில் வெயில் விழுந்திருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. நோட்டில் ஒரு டிக் போட்டுவிட்டு அடுத்த மெஷினுக்குப் போனார்.